போனில் போட்ட செக்கைக் கிழிக்கலாமா?

கேள்வி: “மகன் சிகாகோவில் வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸ் பாக்கியை 850 டாலர் செக்காகக் கொடுத்தார்கள். அங்கேயே போனில் படம் எடுத்து கணக்கில் போட்டுவிட்டான். பணமும் வந்துவிட்டதாம். செக் பெட்டியோடு குன்னூருக்கு வந்திருக்கிறது. கிழித்துப் போடலாமா?”

வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்கள்.

நம்மூரில் செக்கைக் கவுன்டரில் கொடுத்தால் காகிதத்தை பேங்க்காரர்களே வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் கிளியரிங்குக்கு அனுப்புகிறார்கள். போனில் போடும்போது காகிதத்தைக் காக்கும் வேலை உங்கள் மகன் தலையில் விழுகிறது. முன்பக்கம், கையெழுத்துப் போட்ட பின்பக்கம் என இரண்டு படங்கள் போகும். செக்கின் அடியில் இருக்கும் எண் வரிசையிலிருந்து எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று மெஷின் படித்துக்கொள்ளும். 2004-இல் நடைமுறைக்கு வந்த ‘செக் 21’ சட்டப்படி, அந்தப் படத்திலிருந்து முறையாக அச்சடிக்கும் நகலுக்கு அசல் செக்கின் மதிப்பு அங்கே உண்டு.

ஆனால் ‘பணம் வந்துவிட்டது’ என்று போன் காட்டுவது பெரும்பாலும் நம்பிக்கையில் முன்கூட்டி வரவு வைப்பதுதான். செக் கொடுத்தவரின் வங்கி அதற்குப் பிறகும் திருப்பி அனுப்பலாம். மடிப்பு விழுந்த இடத்தில் 850 என்பது 350 என்று படிக்கப்பட்டிருந்தால், 500 டாலரைக் கேட்டு வாங்க கையில் காகிதம் வேண்டும். எத்தனை நாள் வைத்திருப்பது? சில வங்கிகள் 14 நாள், சில 30 நாள் என்கின்றன. இந்த ஒரு வரியைத் திரையில் பெரிதாகக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? யாரும் படிக்காத நிபந்தனைகளுக்குள் புதைத்து வைக்கிறார்கள்! மகனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். உங்கள் ஊர் மழைக்காலத்து ஈரம் காகிதத்தை விட்டுவைக்காது.

பின்பக்கத்தில் ‘ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத செக் இன்னொரு வங்கியில் மறுபடி நுழைந்துவிடக்கூடும். அப்படி நுழைந்தால் தெரியாமல் நடந்ததா, திருட்டா என்று விளக்கம் சொல்ல வேண்டியவன் உங்கள் மகன்தான். ‘அமெரிக்க செக்கா, கொடுங்க, கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன்’ என்று வருபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மலையில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். வெளிநாட்டு விருந்தாளி என்று ஒருவர் வாடகைக்கு மேலாக ஒரு தொகைக்கு செக் அனுப்புவார். ‘உங்கள் பையன் அமெரிக்கக் கணக்கில் போடச் சொல்லுங்கள், மீதியை என் ஏஜென்ட்டுக்கு அனுப்புங்கள்’ என்பார். மறுநாளே கணக்கில் பணம் தெரியும், மீதியை அனுப்பிவிடுவீர்கள். சில நாளில் செக் போலி என்று திரும்பி வரும். வரவு வைத்த முழுத் தொகையையும் வங்கி பையனிடமே கேட்கும். ஏஜென்ட்டுக்குப் போனது போனதுதான். உங்கள் 850 டாலர் தெரிந்த வீட்டுக்காரர் கொடுத்தது, அந்தக் கவலை இல்லை.

வங்கி சொன்ன நாள் கழிந்து, 850 சரியாக ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது, எதுவும் திரும்பவில்லை என்று மகன் பார்த்துச் சொன்ன பிறகு, அடியில் இருக்கும் எண் வரிசையையும் கையெழுத்தையும் பொடிப்பொடியாக வெட்டி, வேறு வேறு குப்பையில் போடுங்கள்.