லாரி ஓட்டும் காலுக்கு எந்த ஷூ? – கேள்வி பதில்

சங்ககிரியிலிருந்து 26 வருடம் வடக்கு லைன் ஓட்டியவன் நான். இப்போது புது டிரைவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். காலைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"அண்ணே, நாமக்கல்–நாக்பூர் ஓடுறேன். இதுவரை ஹவாய் செருப்புதான். ஓனர் ஷூ போடச் சொல்றார். கடைக்குப் போனா எதைப் பார்த்து வாங்கணும்?"

விலையையும் பெயரையும் அப்புறம் பாருங்கள். முதலில் ஷூவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் சதைமேடுதான் மிதியை அமுக்குகிறது. அந்த இடத்தில் சோல் ஒரு விரல் தடிமனைத் தாண்டக் கூடாது. இரண்டு கையாலும் வளைத்தால் அதே இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தாலோ, மடியவே மறுத்தாலோ வைத்துவிடுங்கள்.

என் சோதனை ஒன்று உண்டு. தரையில் ஒரு பேனாவைப் போட்டு, ஷூவோடு அதன் மேல் மெதுவாக மிதிப்பேன். பேனா எந்தப் பக்கம் உருள்கிறது என்று கால் சொன்னால் அந்த ஷூ ஓட்ட ஆகும். மெத்தை போல அமுங்கும் ஓட்டப்பந்தய ஷூக்கள் இதில் பெரும்பாலும் தோற்றுவிடும். முதலில் பஞ்சு அமுங்கி, அப்புறம்தான் மிதி அமுங்கும். காற்று பிரேக்கில் இது பெரிய விஷயம். காரில் தெரிவது போல சக்கரத்தின் பிடி லாரியில் காலுக்குத் திரும்பி வராது, மிதி எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை வைத்துத்தான் நாம் அளக்கிறோம். தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கும்போது அந்த அளவு மங்கினால், தேவைக்கு மேல் அமுக்கி டிரம்மைச் சூடேற்றிவிடுவீர்கள்.

சோல் மேல்பாகத்தைவிட வெளியே பிதுங்கிக்கொண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட ஷூ, பிரேக்கை மிதிக்கும்போது ஆக்சிலேட்டர் ஓரத்தையும் சேர்த்துத் தொடும். குதிகாலின் பின் ஓரம் கொஞ்சம் உருண்டையாக இருந்தால் நல்லது. வலது குதிகாலைத் தரையில் ஊன்றித்தானே நாள் முழுக்கத் திருப்புகிறோம்? கூர்மையான விளிம்பு தரையில் விரித்த ரப்பர் மேட்டில் சிக்கும்.

சாயங்காலம் போய் வாங்குங்கள். உட்கார்ந்தே இருந்த கால் அந்த நேரம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ இரவு நாக்பூர் ரோட்டில் இறுக்கும்.

"ஷூவே வேண்டாம். வெறுங்காலில் ஓட்டினால்தான் பெடல் தெரியும். எங்க அப்பா 30 வருஷம் அப்படித்தான் ஓட்டினார், ஒரு ஆக்சிடென்ட் இல்லை."

பெடல் தெரியும் என்பது உண்மைதான், மறுக்க மாட்டேன். நானும் முதல் பத்து வருடம் அப்படித்தான். ஆனால் அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது வெறும் பாதத்தில் பலம் ஒரே புள்ளியில் இறங்கும். வலித்தால் கால் தானாகப் பின்வாங்கும். வியர்த்த பாதம் தேய்ந்த மிதியில் வழுக்கவும் செய்யும். இன்னொன்று: வெறுங்காலில் ஓட்டுகிறவர் கழற்றிய செருப்பை எங்கே வைக்கிறார்? சீட்டுக்கு முன்னால்தான். அது இறக்கத்தில் நகர்ந்து பிரேக்குக்கு அடியில் போனால் மிதி இறங்காது. தண்ணீர் பாட்டிலும் அப்படியே.

ஹவாய் செருப்பை அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பெடல் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் குதிகாலில் பிடி இல்லாததால் காலைத் தூக்கும்போது அது தொங்கி, முன்முனை மிதிக்கு அடியில் மடங்கும். ஷூ சுத்தமாக ஒத்துவரவில்லை என்றால் பின்பட்டை உள்ள சாண்டல் போடுங்கள்.

"கேஸ் ஏத்துற புல்லட் டேங்கர் ஓட்டுறேன். மங்களூர் லோடு. ரெண்டு மாசமா வலது கால்ல முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலி. வண்டியும் அதே வண்டி, சீட்டும் அதே சீட்டு. கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ புதுசு. அதனால இருக்குமா?"

இவரோடு இரண்டு மூன்று முறை பேசிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கெண்டைச்சதை வலித்தால் மிதியை எட்டி அமுக்குகிறோம் என்று சந்தேகப்படுவேன். முன்பக்கம் வலித்தால், பாதத்தின் முன்பாதியைத் தூக்கிப் பிடிக்கும் தசை வேலை செய்து ஓய்ந்துவிட்டது என்று பொருள். அவரை மளிகைக்கடைத் தராசில் ஷூவை நிறுக்கச் சொன்னேன். ஒற்றை ஷூ 680 கிராம். அவருடைய பழைய கேன்வாஸ் 310. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விடும்போதெல்லாம், பிரேக்குக்கு மாறும்போதெல்லாம், அந்த எடையை அந்தத் தசைதான் தூக்குகிறது. ஷிராடி காட் ஏறி இறங்கும்போது எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்.

எடை மட்டும் இல்லை. விரலுக்கு மேலே இரும்புக் கவசம் இருப்பதால் முன்பகுதி உயரம். அது பிரேக் மிதியின் கீழ் விளிம்பில் இடிக்காமல் இருக்க, அவர் தன்னை அறியாமல் காலை இன்னும் தூக்கிக்கொண்டிருந்தார். சோல் மடியாததால் கணுக்காலில் நடக்க வேண்டிய அசைவு தொடைக்குப் போனது.

சேஃப்டி ஷூவைத் தூக்கிப் போடவும் முடியாது. பாட்லிங் பிளாண்ட் உள்ளே அது கட்டாயம். ஐஎஸ் 15298 பாகம் 2 என்ற தர எண் அச்சிட்ட ஷூ விரல்மேல் கனம் விழுந்தால் தாங்குவதற்காகச் செய்தது. கேஸ் இருக்கும் இடத்தில் நிலைமின்சாரம் சேராத வகையாகவும் இருக்க வேண்டும். அங்கே அதற்கு மாற்று கிடையாது. ஆகவே இரண்டு ஜோடி. கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி மாற்றுவது, வெளியே வந்ததும் மறுபடி மாற்றுவது. கழற்றியதை படுக்கைக்குப் பின்னால் பையில் கட்டி வைக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது.

அதோடு, அவர் வண்டியின் ரப்பர் மேட்டில் குதிகால் ஊன்றும் இடம் குழிவிழுந்து போயிருந்தது. குதிகால் இறங்கினால் விரலை இன்னும் தூக்க வேண்டுமே. மேட்டை மாற்றினார். மூன்று வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது என்று சொன்னார். மீதி ஏன் போகவில்லை என்று எனக்குப் புரியவில்லை. எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

"ஷூ எத்தனை மாசத்துக்கு ஒருமுறை மாத்தணும்? பின் சக்கரத்துல கரகரன்னு சத்தம் வருது."

தம்பி, நீங்கள் கேட்பது பிரேக் ஷூ! லைனிங் தேய்ந்து ரிவெட் உரசுகிற மாதிரி இருக்கிறது. மாதக் கணக்கு பார்க்காதீர்கள், டிரம்மில் கோடு விழுவதற்குள் இன்றே கழற்றிப் பாருங்கள்.

"இடது கால் மட்டும் வேகுது சார். வலது கால் பரவாயில்லை. இடது ஷூவில் ஏதாவது கோளாறா?"

ஷூவில் கோளாறு இல்லை. நம் வண்டியில் டிரைவர் வலப்பக்கம், எஞ்சின் மூடி இடப்பக்கம். கிளட்ச் கால் அதை ஒட்டியே இருக்கிறது. முதலில் மூடியின் ஓர ரப்பரையும், கிளட்ச் மிதி தரையில் நுழையும் ஓட்டையின் உறையையும் பாருங்கள். கிழிந்திருந்தால் சூடான காற்று நேராகக் காலில் அடிக்கும். எந்த ஷூவும் அதைத் தடுக்காது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம். பழைய வண்டிக்கு உறையை ஒழுங்காக அடைப்பதுதான் வழி.

ஷூவைப் பொறுத்தவரை மேல்பாகம் தோலாகவோ காற்றுப் புகும் துணியாகவோ இருந்தால் நல்லது. ரெக்சின் வேண்டாம், வியர்வை வெளியே போகாது. மலிவான பிவிசி சோல் சூட்டில் இளகும், டீசல் பட்டால் வழுக்கும். பங்கில் இறங்கி ஏறியதும் சோலைத் துடைக்காமல் கிளட்சில் கால் வைக்காதீர்கள்.

"வீட்டுக்காரர் டிரைவர். 12 நாள் கழிச்சு வந்தா விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையா உரியுது. மருந்துக்கடையில கொடுத்த கிரீம் போட்டா ரெண்டு நாள் அடங்கி மறுபடி வருது. வேற ஷூ வாங்கணுமாங்க?"

இது சேற்றுப்புண் மாதிரி இருக்கிறதம்மா. கிரீம் பெட்டியை எடுத்து அதில் என்னென்ன மருந்து சேர்ந்திருக்கிறது என்று டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம் என்றால் அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும். குளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீமைத்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். ஆறியது போலத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் போட வேண்டும். பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்புகிறது.

ஷூ ஒரே ஜோடி என்றால் அது காயவே காயாது. ஒரு நாள் போட்டதை மறுநாள் உள்சோலை உருவி, லேஸைத் தளர்த்திக் காய விட வேண்டும். அதற்கு இன்னொரு ஜோடி வேண்டும். விலை குறைந்த இரண்டு ஜோடி, விலை உயர்ந்த ஒன்றைவிட மேல். சாக்ஸ் மூன்று ஜோடி கொடுத்து அனுப்புங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது கால் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி, சாக்ஸை மாற்றட்டும். ஈரக் காலில் பவுடர் கொட்டினால் பசையாகிவிடும்.

"காட்டன் சாக்ஸ் தவிர எதையும் போடாதீங்க, அதான் வியர்வையை உறிஞ்சும்." (திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர் ஒருவர்)

உறிஞ்சும், ஆனால் விடாதே! நனைந்த பருத்தி காலோடு ஒட்டிக்கொண்டு தோலை ஊற வைக்கும். எனக்குக் கலப்பு நூல் மெல்லிய சாக்ஸ்தான் ஒத்துவந்தது. மதியம் தவறாமல் மாற்றுகிறவருக்குப் பருத்தி போதும்.

"சுகர் இருக்கு. சில நேரம் கால் கிளட்ச் மேல இருக்கா இல்லையான்னே தெரியலை. மெல்லிய சோல் போட்டா தெரியுமா?"

தெரியாது ஐயா. குறை சோலில் இல்லை, நரம்பில். டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், வலியில்லாத சோதனை. அதைப் பார்த்து அவர் சொல்லும்வரை வண்டி எடுக்காதீர்கள். எஞ்சின் சூட்டில் கொப்புளம் வந்தால்கூட உங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஓனரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. இருந்தாலும் சொல்லுங்கள்.

"கணுக்கால் மூடுற ஷூவா, கட் ஷூவா? எனக்கு ராத்திரி ரெண்டு கணுக்காலும் வீங்குது. இறுக்கமா மூடினா வீக்கம் வராதுன்னு ஃபிரெண்ட் சொன்னான்."

இறுக்கமாக மூடிய ஷூ கணுக்காலை அசைய விடாது. கெண்டைச்சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். ஆகவே என் ஓட்டு கட் ஷூவுக்கு. மூடியதைத்தான் போட வேண்டும் என்றால் மேலே உள்ள கடைசி இரண்டு ஓட்டைகளில் லேஸ் கோக்காமல் விடுங்கள், குதிகால் மட்டும் நழுவாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி வண்டியைச் சுற்றி டயர் தட்டிப் பார்த்தபடி நடங்கள். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாக இருந்தால் அது வேறு விஷயம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

லோடு ஏற, தார்ப்பாய் கட்ட மேலே ஏறி இறங்குகிறவர்கள் மூடிய ஷூதான் கணுக்காலைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் தள்ள முடியவில்லை. நான் இன்னும் கட் ஷூ பக்கம்தான். தார்ப்பாய் கட்டுகிற ஆட்கள் யாராவது எழுதுங்கள்.