கையெழுத்துக்குப் பின் மௌனம்

“தி.நகர் புடவைக் கடைக்கு இணையதளம். ஒப்பந்தம் போட்டு முன்பணமும் வந்துவிட்டது. லோகோ, படங்கள் கேட்டால் பதிலே இல்லை. எப்படிக் கேட்பது?”

முன்பணம் கொடுத்தவர் உங்களைத் தவிர்க்கவில்லை. பெரும்பாலும் லோகோ கோப்பு அவரிடம் இருக்காது. கடைப் பை அச்சடித்தவரிடம் கோரல்டிரா கோப்பாகக் கிடக்கும். அதனால் முழுப் பட்டியலையும் மறுபடி அனுப்பாமல், ஒரே வரியில் பதில் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். வாட்ஸப்பில் இப்படி:

“சார், பை அச்சடிச்சவர் நம்பர் மட்டும் அனுப்புங்க, லோகோவை நானே வாங்கிக்கிறேன். புதன்கிழமை காலை 11 மணிக்குக் கடைக்கு வந்து புடவைப் படங்களும் எடுத்துக்கட்டுமா?”

காலையில்தான் கடையில் கூட்டம் குறைவு. சனி, ஞாயிறு மாலை அனுப்பினால் உங்கள் செய்தி மற்றவற்றுக்கு அடியில் போய்விடும். ஆடித் தள்ளுபடி நேரம் என்றால் முடியும்வரை பொறுங்கள்.

படம் எடுப்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கட்டணத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்: “லோகோவும் படங்களும் கைக்கு வந்த நாளிலிருந்துதான் இணையதளத்தை முடிப்பதற்கான 30 நாள் கணக்கு.” ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லையென்றால், ‘சரி’ என்று அவரிடமிருந்து பதில் வாங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தாமதம் உங்கள் தலையில் விழும்.