அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோய்: முதிய வயதில் தொண்டையில் துளையிடும் முடிவு

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. முப்பது வருடமாகக் கழுத்தில் இருந்த கட்டி ஒரே மாதத்தில் இரண்டு மடங்காகிவிட்டது, குரலும் கம்மிவிட்டது. அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார்கள். இப்போதே தொண்டையில் துளை போட்டுவிடலாம் என்கிறார்கள், சம்மதிக்கலாமா?

பதில்: கழுத்துப் புற்றுநோய் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவால் இப்போது படுத்தபடியே சிரமமின்றி மூச்சுவிட முடிகிறது என்றால், முன்னெச்சரிக்கையாக மட்டும் செய்யப்படும் டிரக்கியாஸ்டமிக்கு, அதாவது மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைக்கும் அறுவைக்கு, இன்றே சம்மதிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ நிலைமை வேறு. அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த நோயில் காலம் வாரக் கணக்கில் நகர்கிறது. தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இந்த வகை; பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. பல ஆண்டுகள் அமைதியாக இருந்த கழுத்துக் கட்டி திடீரென வளர்ந்து கல்லைப் போல் இறுகுவதும், குரல்வளை நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் மாறுவதும், திட உணவு தொண்டையில் நிற்பதும் இதன் வழக்கமான தொடக்கம். இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் அளவுகள் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால், அந்த முடிவைக் கண்டு ஆறுதல் அடையக் கூடாது. மற்ற தைராய்டு புற்றுநோய்களுக்குப் பயன்படும் கதிரியக்க அயோடினை இந்தச் செல்கள் உறிஞ்சுவதில்லை. எனவே அந்த வழி இங்கு இல்லை. நோய் தைராய்டுக்குள்ளேயே அடங்கியிருந்தாலும் இதை நான்காம் நிலை என்றே வகைப்படுத்துகிறார்கள். கண்டறியப்பட்ட பின் பாதிப் பேர் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதைத்தான் நோயாளிகளைப் பற்றிய பழைய ஆய்வுத் தொகுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டின.

ஆனால் “இருக்கலாம்” என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பெரிய முடிவையும் எடுக்கக் கூடாது. முதியவரின் தைராய்டில் இதே வேகத்தில் வளரும் இன்னொரு நோய், நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்றுநோயான லிம்போமா. அது மருந்துக்கு நன்றாகக் கரையக்கூடியது; பலருக்கு முழுமையாகக் குணமாகக்கூடியதும்கூட. மெல்லிய ஊசியால் செல்களை எடுக்கும் சோதனையில் பல நேரங்களில் இறந்த திசு மட்டுமே கிடைத்து, இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போகிறது. ஆகவே சற்றுத் தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் பயாப்சியைக் கேளுங்கள். மூச்சு நிலை அனுமதித்தால், அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுக்காமல் இருப்பது நல்லது, ஏனெனில் ஸ்டீராய்டு லிம்போமாவைச் சுருக்கி முடிவைக் குழப்பிவிடும்.

அதே திசுவில் பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். விரிவான மரபணுச் சோதனைக்குச் சில வாரங்கள் ஆகலாம். திசுவைச் சாயமேற்றிப் பார்க்கும் முறையில் ஓரிரு நாளிலேயே முதல் விடை கிடைத்துவிடும். நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. அவர்களுக்காக டப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரு மருந்துகளும் சேர்த்துத் தரப்படும் சிகிச்சை 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வில் 36 நோயாளிகள் சேர்ந்தனர். பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஓராண்டைத் தாண்டி வாழ்ந்தவர்களும் பாதிக்கு மேல். இது குணமல்ல, பெரும்பாலோருக்கு நோய் பின்னர் திரும்புகிறது. என்றாலும் முன்பு இந்த நோயில் காணக் கிடைக்காத பலன் இது.

மாற்றம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை, நான் கவனித்த 78 வயதுப் பெரியவர் ஒருவரின் நிலையைக் கொண்டு சொல்கிறேன். ஒரு குரல் நாண் அசையவில்லை. சிடி ஸ்கேனில் மூச்சுக்குழாய் ஒரு பக்கம் தள்ளப்பட்டுக் குறுகியிருந்தது. இரு நுரையீரல்களிலும் சிறு கட்டிகள் பரவியிருந்தன. பிராஃப் மாற்றம் இல்லை. ஆறு ஏழு வாரங்கள் நாள்தோறும் வந்து பெறும் முழு அளவுக் கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்தால், தொண்டைப் புண்ணிலும் களைப்பிலும் அவருக்கு மிஞ்சியிருந்த காலத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதை மறைக்காமல் சொன்னோம். நோய் தைராய்டு அளவில் நின்றிருந்து, அறுவையில் முழுவதும் அகற்ற முடிந்திருந்தால், அந்தக் கடினமான சிகிச்சையை நானே வற்புறுத்தியிருப்பேன். அவர் ஐந்து நாட்களில் மொத்தம் 20 கிரே அளவு தரும் குறுகிய காலக் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். தொடக்க நாட்களில் வீக்கம் கூடி மூச்சை நெருக்காமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தோம். வலி குறைந்தது, கூழாக உணவு இறங்கியது, ஏறத்தாழ இரண்டு மாதம் வீட்டில் இருந்தார்.

தொண்டையில் துளை வேண்டாம் என்பதை அவரே, குரல் இருந்தபோதே, சொல்லிவிட்டார். இதைத்தான் உங்கள் அம்மாவிடமும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் மட்டும் கூடி முடிவெடுத்தால், மூச்சுத் திணறும் இரவில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். டிரக்கியாஸ்டமி கட்டிக்குச் சிகிச்சை அல்ல. இந்த நோயில் கட்டி மூச்சுக்குழாயின் முன்பக்கத்தை மூடியிருந்தால் கட்டியை வெட்டிக்கொண்டுதான் குழாயை அடைய வேண்டும். துளைக்குள்ளேயே கட்டி வளரவும் இரத்தம் கசியவும் கூடும். பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். இரவும் பகலும் சளியை உறிஞ்சி எடுக்க ஒருவர் அருகில் வேண்டும். அடைப்பு துளைக்கும் கீழே, மார்புக்குள் இருந்தால் அதனால் பயனே இராது.

துளை வேண்டாம் என்றால் கைவிட்டுவிடுவதாகப் பொருளில்லை. வலிநிவாரண மருத்துவக் குழுவை முதல் வாரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுத் திணறல் உணர்வைத் தணிக்கும். திடீர் அடைப்போ இரத்தப்போக்கோ நேர்ந்தால் பதற்றத்தைத் தணித்து உறங்கவைக்கும் மிடசோலாம் போன்ற மருந்து எங்கே இருக்கிறது, யார் கொடுப்பது, எந்த எண்ணை அழைப்பது என்பன எழுத்தில் இருக்க வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா என்ற அவருடைய விருப்பத்தையும் அதே தாளில் எழுதுங்கள்.

பிராஃப் மாற்றம் இருப்பதாக முடிவு வந்தால், இந்தப் பேச்சை மீண்டும் தொடங்குங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் கட்டி சில வாரங்களிலேயே சுருங்கக்கூடும் என்பதால், அதுவரை மூச்சைக் காக்க மட்டும் வைக்கப்படும் துளைக்குப் பொருள் இருக்கிறது, பின்னர் அதை மூடவும் வாய்ப்பு உண்டு. லிம்போமா என்று வந்தாலும் இதேதான். ஆகவே அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று: “இந்தத் துளை எந்தச் சிகிச்சை பலன் தரும்வரை காத்திருப்பதற்காக?” அவர் ஒரு சிகிச்சையின் பெயரைச் சொன்னால் அம்மாவிடம் அதை விளக்கிச் சம்மதம் கேளுங்கள், சொல்ல முடியாவிட்டால், இரு சோதனை முடிவுகளும் வரும்வரை நேரம் கேளுங்கள்.