மிளகாயின் காரம் விதையிலா, வெள்ளைச் சதையிலா?

கேள்வி: பச்சை மிளகாயைக் கீறி, விதையை எல்லாம் தட்டிக் கொட்டிவிட்டுத்தான் சமையலில் சேர்க்கிறேன். அப்படியும் குழந்தைகள் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் காரம் ஏறிவிடுகிறது. காரம் விதையில்தானே இருக்கிறது? இல்லை, உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியிலா?

பதில்: வெள்ளைப் பகுதியில்தான். நீங்கள் கொட்டுவது விதையை மட்டும். காரம் ஊறுகிற இடம் மிளகாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் இத்தனை சிரமப்பட்டும் பலன் கிடைக்கவில்லை.

மிளகாயை நீளவாக்கில் பிளந்து வெளிச்சத்தில் பாருங்கள். காம்பை ஒட்டிய இடத்தில் பஞ்சு போல ஒரு வெள்ளைச் சதை திரண்டிருக்கும். விதைகள் எல்லாம் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய வரப்புகள் மிளகாயின் உள்சுவர் வழியாகக் கீழே ஓடும். வீட்டில் இதை நரம்பு என்போம், தாவரவியலில் இதற்குச் சூல் ஒட்டுத்திசு என்று பெயர். காரத்தைத் தருகிற கேப்சைசின் என்ற பொருளை உண்டாக்குவது இந்தத் திசுவின் மேல்தோலில் இருக்கும் செல்கள். உண்டான கேப்சைசின் அந்தத் தோலுக்கு அடியில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னச் சின்னக் கொப்புளங்களில் எண்ணெய்ப் பசையாகச் சேர்ந்திருக்கும். கத்தி பட்டால், விரல் அழுத்தினால், கொப்புளம் உடைந்து அந்தப் பசை பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றிலும் படியும்.

விதைக்குக் காரம் வந்த கதை இதுதான். விதையால் கேப்சைசினை உண்டாக்க முடியாது. ஆனால் அது ஒட்டிப் பிறந்த இடமே காரம் சுரக்கும் இடம் என்பதால் மேலே பூச்சாகக் காரம் படிந்திருக்கும். இன்னொன்றும் நடக்கிறது. பலர் விதையை எடுக்கும்போது கரண்டி முனையால் வழித்து எடுக்கிறார்கள். விதையோடு வெள்ளைச் சதையும் சேர்ந்து போய்விடுகிறது, காரமும் குறைந்துவிடுகிறது. பாராட்டு மட்டும் விதையை எடுத்ததற்குக் கிடைக்கிறது. உங்களைப் போலத் தட்டிக் கொட்டுகிறவர்களுக்குத்தான் அந்தப் பாராட்டு பொய் என்பது தெரியவரும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மிதமான காரமுள்ள, நீளமான ஒரு மிளகாய் போதும். வாயில் புண் இருந்தால் வேண்டாம். மிளகாயைப் பிளக்கும் முன்பே நுனியிலிருந்து ஒரு விரற்கடை அளவு வெட்டித் தனியே வையுங்கள். பிறகு பிளந்து, பத்து விதைகளைச் சதை ஒட்டாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். அதில் ஐந்தை ஒரு சொட்டுச் சமையல் எண்ணெயில் புரட்டி, காகிதத்தில் நன்றாகத் துடையுங்கள். மறுபடி புது எண்ணெய், புதுக் காகிதம் என்று இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். தண்ணீரில் கழுவினால் போதாது, கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கடைசியாக வெள்ளைச் சதையில் அரிசி அளவு ஒரு துணுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுப் பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் நுனித்துண்டு, பிறகு துடைத்த விதை, பிறகு துடைக்காத விதை, எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளைத் துணுக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே எரிச்சல் முழுக்க அடங்கும்வரை காத்திருங்கள், பத்து நிமிடம்கூட ஆகலாம். வரிசையைத் தலைகீழாக்கினால் முதல் எரிச்சலே நாக்கில் நிற்கும், அடுத்தடுத்தது எதுவும் சரியாகத் தெரியாது. பெரும்பாலும் நுனி பச்சை வாசனையோடு லேசாகத்தான் உறைக்கும். துடைத்த விதை கடிக்கக் கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான். துடைக்காத விதை சுருக்கென்று குத்தும். வெள்ளைத் துணுக்கு அந்தச் சின்ன அளவிலேயே எது மூலம் என்று சொல்லிவிடும்.

சரி, சமையலில் என்ன செய்வது? காரம் வேண்டாம் என்றால் வெள்ளைச் சதையை உடைக்காமல் பிரித்தெடுப்பதுதான் வேலை. மிளகாய் கொஞ்சம் பருமனாக இருந்தால் காம்பைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தி, சுவரை மட்டும் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். நடுத்தண்டு விதையோடு முழுசாகக் கையில் நிற்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒல்லி மிளகாயில் இது நடக்காது. அதை ஒரு பக்கம் மட்டும் கீறி விரித்து, காம்புப் பக்கம் சதை ஒட்டியிருக்கும் இடத்தைக் கத்தி நுனியால் அறுத்துவிட்டு, கரண்டியால் நுனிப் பக்கமாக ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். சுவரில் வரப்பாகத் தெரிகிற வெள்ளைக் கோடுகளையும் விடவேண்டாம். அப்புறம் கத்தியையும் பலகையையும் துடைத்துவிட்டுத்தான் பொடியாக நறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சதையை நீக்கியும் காரம் இருக்கிறது என்பவர்கள் முதலில் மிளகாயை வட்ட வட்டமாக நறுக்கிவிட்டு, பிறகு உள்ளே இருப்பதைப் பொறுக்குகிறவர்களாக இருப்பார்கள். ஒவ்வொரு வெட்டும் கொப்புளங்களை உடைத்துச் சுவரில் பூசிவிட்டிருக்கும். அதற்கு மேல் எதை எடுத்தும் பெரிதாகக் குறையாது.

இத்தனையும் செய்தாலும் காரம் அடியோடு போகாது. சுவரிலும் கொஞ்சம் இருக்கும். குழந்தைகளுக்கு என்றால் இன்னும் பத்திரமான வழி, மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டுக் கடைசியில் எடுத்துவிடுவது. கொப்புளங்கள் உடையாததால் வாசனை இறங்கும் அளவுக்குக் காரம் இறங்காது. கிளறும்போது மசிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் காரம் போய்விடும் என்றும் நம்பவேண்டாம், சமையல் சூட்டை அது தாங்கும்.

இந்த விதி மாறுகிற இடம் ஒன்று உண்டு. பூத் ஜோலோகியா, டிரினிடாட் மொருகா ஸ்கார்பியன் போன்ற அதீதக் காரமுள்ள வகைகளில் சுவரின் உட்புறத்திலும் அதே கொப்புளங்கள் இருக்கின்றன. அவற்றில் வெள்ளைச் சதையை வழித்துவிட்டு ஆபத்து நீங்கியது என்று நினைக்கக்கூடாது. இதற்கு நேர்மாறு குடமிளகாய். உள்ளே அதே வெள்ளைச் சதை, ஆனால் காரமே இல்லை, கேப்சைசின் உண்டாக்கும் மரபணு அதில் பழுதாகிக் கிடக்கிறது. ஆக, வெள்ளையாக இருப்பதாலேயே காரம் வந்துவிடாது.

காய்ந்த மிளகாயில் மட்டும் விதையைக் கொட்டுவதற்கு ஓரளவு பலன் இருக்கும். காயும்போது வெள்ளைச் சதை சருகாகி நொறுங்கி விதைகளோடு கலந்துவிடும், தட்டினால் இரண்டும் சேர்ந்தே உதிரும். கொட்டியதைத் தட்டில் பரப்பிப் பாருங்கள், விதைகளுக்கு நடுவே வெளிர்மஞ்சளாகச் சருகுத் துணுக்குகள் கிடக்கும். உதிராமல் சுவரில் ஒட்டிய நரம்பையும் விரலால் உரித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கைக்கு முதலில் எண்ணெய் தேய்த்து, அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்பக்கம் கை போகவேண்டாம்.