வத்தக்குழம்புக் காட்சி உயிர் பெற

"அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து மகன் ஊருக்கு வருகிறான். அக்கா வத்தக்குழம்பு ஊற்றுகிறாள். புளிப்பு, காரம், நல்லெண்ணெய் மணம் எல்லாம் எழுதியும் காட்சி உயிரில்லாமல் கிடக்கிறது."

அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். யார் சாப்பிட்டாலும் அவை ஒன்றுதான். இவனுக்கு மட்டும் தெரிந்தது எது? சின்ன வயதில் சுண்டைக்காய் கசக்கிறதென்று அழுவான். அம்மா அதைத் தன் தட்டுக்கு ஒதுக்கிக்கொண்டு வெறும் குழம்பை இவனுக்கு ஊற்றுவாள். இப்போது அக்காவும் கேட்காமலே கரண்டியால் காயை ஒதுக்குகிறாள். "போடுக்கா" என்கிறான் அவன். மெல்லும்போது கசப்பை ஒரே ஒருமுறை சொல்லுங்கள், போதும்.

"அம்மா நினைவு வந்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அப்புறம் அந்தக் கரண்டிக்கு வேலையே இல்லை. அம்மாவின் பழக்கம் இரண்டு பக்கம் முன்பே, வேறு பேச்சுக்கு நடுவில் வந்திருக்கட்டும். சாப்பிடும்போது விளக்கினால் காட்சி நின்றுவிடும்.