70 சதவீத மழை என்றால் என்ன கணக்கு?

“அய்யா, சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப்புழு. மருந்து வாங்கி வைத்திருந்தேன். செல்போனில் நாளை 70 சதவீதம் மழை என்று போட்டதால் அடிக்கவில்லை. கல்லலில் எங்கள் வயலில் ஒரு துளி விழவில்லை, காரைக்குடியில் கொட்டியதாம். இதை எப்படி நம்புவது?”

அந்த 70, மழையின் அளவும் அல்ல, பெய்யும் நேரமும் அல்ல. இன்றைய வானநிலை போன்ற பத்து நாட்களை எடுத்துக்கொண்டால், உங்கள் வயல் இருக்கும் இடத்தில் குறிப்பிட்ட கால அளவுக்குள் ஏழு நாட்களில் அளக்கும்படியான மழை பெய்யும், மூன்று நாட்களில் பெய்யாது என்பதே அதன் பொருள். அரை மில்லிமீட்டர் தூறலும் அந்த ஏழில் சேர்ந்துவிடும். உங்களுக்கு வாய்த்தது அந்த மூன்றில் ஒரு நாள். ஒரு நாளை வைத்து இந்த எண்ணைப் பொய் என்று சொல்ல முடியாது. 70 என்று காட்டிய நாட்களை மட்டும் குறித்து வாருங்கள், இருபது நாட்களில் ஏறக்குறைய பதினான்கில் பெய்திருந்தால் கணிப்பு ஒழுங்காகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடிமேகம் ஊருக்கு ஊர் மாறிப் பொழிவதால், காரைக்குடி நனைந்து கல்லல் காய்வது இயல்பு.

மருந்தை நிறுத்தியது சரியா என்பதைப் பணத்தில் பார்ப்போம். கழுவிப்போனால் மறுமுறை அடிக்க மருந்தும் கூலியும் ஏக்கருக்கு 1200 ரூபாய், இரண்டு நாள் தள்ளினால் புழு தின்பதில் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய பத்து நாட்களிலும் அடித்தால் ஏழு முறை கழுவிப்போகும். ஒவ்வொரு முறையும் மறுமருந்துச் செலவும் தாமத இழப்பும் சேர்ந்து 1500 என, மொத்தம் 10,500 ரூபாய். பத்து நாட்களும் தள்ளிவைத்தால் 3000 ரூபாய்தான். ஆகவே மழை பெய்யாதபோதும் உங்கள் முடிவு சரியானதே. இதே கணக்கில் 20 சதவீதத்தில் இரண்டும் சமமாகும்; அதற்குக் கீழே இருந்தால் தயங்காமல் அடிக்கலாம்.

தாமத இழப்பு பயிரின் பருவத்தைப் பொறுத்தது என்பதால், முதலில் வயலில் இறங்கி, நீளவாக்கில் சுருண்ட இலைகளைப் பிரித்துப் பாருங்கள். பச்சையம் சுரண்டப்பட்ட வெள்ளைக் கோடுகளுக்கிடையே பசும்புழு நெளியும். தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலைகள் சேதமானால்தான் மருந்து தேவை. பூக்கும் பருவத்திலோ கண்ணாடி இலையில் ஐந்து சதவீதச் சேதமே போதும். அப்போது ஒருமுறை தள்ளுவதன் தாமத இழப்பே 300 ரூபாய்க்குப் பதில் 3000 ரூபாயை எட்டினால், 70 சதவீத நாளிலும் அடிப்பதே மேல்.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது முழு நாளுக்கான எண். மணிவாரியாகப் பாருங்கள்: காலையில் 10, மாலையில் 60 என்று இருந்தால், மருந்துப் புட்டியில் குறித்த மழையில்லா நேரம் கிடைக்கும்படி, பனி உலர்ந்ததும் காலையிலேயே அடித்துவிடலாம்.