21ஆம் நாள் ரத்தம் யாருடைய 21ஆம் நாள்?

கேள்வி: டாக்டர், வயது 31. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. 34, 35 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வரும். மார்ச் 4 வந்தது. 21ஆம் நாள் என்று சொல்லி 24ஆம் தேதி கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். புரோஜெஸ்ட்டிரோன் 3.4 நானோமோல். கருமுட்டையே வரவில்லை என்றார்கள். ஏப்ரல் 8 மறுபடி மாதவிடாய். ஆன்லைனில் வாங்கிய கருமுட்டை ஸ்ட்ரிப்பிலும் 10 முதல் 15ஆம் நாள் வரை கோடு விழவில்லை. மார்பு வலிகூட இருப்பதில்லை. முடிக்கு பயோட்டின் சாப்பிடுகிறேன். நாத்தனார் கொடுத்த ஹார்மோன் மாத்திரையை 14ஆம் நாளிலிருந்து போடலாமா? எனக்குக் குழந்தையே பிறக்காதா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அந்த 3.4ஐ வைத்து உங்களுக்குக் கருமுட்டை வரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்த நாள்தான் தப்பு.

முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடம்தான் புரோஜெஸ்ட்டிரோனைச் சுரக்கிறது. ஒரு வாரத்தில் அளவு உச்சிக்குப் போய், முட்டை கருவாகாவிட்டால் இறங்கி, மாதவிடாய் வருகிறது. முட்டை வெளியேறியதிலிருந்து மாதவிடாய் வரை ஏறக்குறைய 14 நாள். இது பெரும்பாலோருக்கு அதிகம் மாறாது. நீளுவதும் குறைவதும் அதற்கு முந்தைய பாதிதான். 28 நாள் சுழற்சிக்காரிக்கு 21 சரி. உங்களுக்கோ முட்டை வெளியேறுவதே 21ஆம் நாள் வாக்கில். ரத்தம் எடுத்தது மார்ச் 24, அடுத்த மாதவிடாய் ஏப்ரல் 8, இடைவெளி 15 நாள். அன்று புரோஜெஸ்ட்டிரோன் குறைவாகத்தான் இருக்கும். ஸ்ட்ரிப்பும் அதே கதை. 15ஆம் நாளில் நிறுத்தினால் கோடு எங்கிருந்து வரும்? மார்பு வலி இல்லாததற்கும் கருமுட்டைக்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

கணக்கு இதுதான்: சுழற்சியின் நாள்களிலிருந்து 7ஐக் கழியுங்கள். 35க்கு 28. ரத்தம் சரியாக ஓட ஆரம்பித்த நாள்தான் முதல் நாள், அதற்கு முன் படும் கறையைச் சேர்க்காதீர்கள். ஏப்ரல் 8 முதல் நாள் என்றால் 28ஆம் நாள் மே 5. அன்று லேப் இல்லையென்றால் முன்னே பின்னே ஒரு நாள் பரவாயில்லை. வெறும் வயிறு தேவையில்லை. பயோட்டினை மட்டும் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், அதிக அளவில் சாப்பிட்டால் சில லேப் மெஷின்களில் புரோஜெஸ்ட்டிரோன் பொய்யாக ஏறித் தெரியும்.

ரிசல்ட் வந்ததும் முடிவு கட்டாதீர்கள், மாதவிடாய்க்குக் காத்திருங்கள். ரத்தம் எடுத்து 5 முதல் 9 நாளுக்குள் அது வந்தால் நாள் சரி, எண்ணை நம்பலாம். 30 நானோமோலுக்கு மேல் என்றால் முட்டை வெளியேறியிருக்கிறது. 16க்கும் 30க்கும் நடுவில் என்றால் அடுத்த சுழற்சியில் இன்னொரு முறை. இந்த ஹார்மோன் ஒரே நாளுக்குள்ளேயே விட்டுவிட்டுச் சுரப்பதால் இறங்கிய நேரத்தில் ஊசி குத்தியிருக்கலாம். அதனால் 60 வந்த பக்கத்து வீட்டுக்காரியின் முட்டை, உங்கள் 35ஐவிட ஒசத்தி என்றும் இல்லை. சரியான நாளில் இரண்டு சுழற்சியும் 16க்குக் கீழே இருந்தால் மகப்பேறு நிபுணரிடம் போங்கள். ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். சில லேப் நானோகிராமில் தரும், அதில் 10 என்பது ஏறக்குறைய இந்த 30தான்.

சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கழித்தல் உதவாது. 28ஆம் நாள் ஒன்று, பிறகு மாதவிடாய் வரும்வரை வாரம் ஒன்று என்று எடுக்க வேண்டும்.

நாத்தனார் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். 14ஆம் நாளில் உங்களுக்கு முட்டை வெளியேறியே இருக்காது. அப்போது ஆரம்பித்தால் கர்ப்பப்பை வாய்ச் சளி தடித்துவிடும், முட்டை வெளியேறுவதையே அது தடுக்கவும் கூடும். மாத்திரையை நிறுத்தியதும் படும் ரத்தத்தை மாதவிடாய் என்று எண்ணி அடுத்த கணக்கும் கெடும். இயற்கை புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரையாக இருந்தால் லேப் அதையும் சேர்த்து அளந்து, ஏமாற்றும் ரிசல்ட் கொடுக்கும்.

ஒரு வருடம் தாண்டியவர்களுக்குப் பரிசோதனை இரண்டு பேருக்கும்தான். கணவரின் விந்துப் பரிசோதனையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து ஒரு தடவை கொடுத்தால் போதும். உங்களுக்கு இத்தனை ஊசி குத்துவதற்கு முன் அதை முடியுங்கள்.

ஒன்றை மட்டும் சாதாரணமாக விடாதீர்கள். மே மாத மாதவிடாய் ஒரு வாரம் தள்ளினால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் என்று வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, லேசான கறை, அல்லது தோள்பட்டை வலி, தலைச்சுற்றல் இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். கறையைப் பார்த்து மாதவிடாய்தான் என்று படுத்துவிடாதீர்கள், காலை கிளினிக் திறக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, அந்த இரவே.